கோர்ஸ் கடனில் கையெழுத்துப் போடுமுன்: டெல்டா பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பட்டமோ டிப்ளமாவோ முடித்த பிள்ளைகள் வேலைக்கான பயிற்சி என்று திருச்சிக்கும் சென்னைக்கும் போகிறார்கள். கட்டணம் கையில் இருப்பதில்லை. பயிற்சி மையமே கடனுக்கு ஏற்பாடு செய்து தருகிறது. அதைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பாபநாசம் பக்கத்துப் பையன் ஒருவரின் கணக்கு இடையிடையே வரும். பி.எஸ்சி. கணிதம் முடித்தவர், திருச்சியில் ஆறு மாத சாஃப்ட்வேர் பயிற்சிக்கு விசாரித்தவர். பெயர் வேண்டாம் என்றார்.

ஃபீஸை மாசா மாசம் இ.எம்.ஐ.யில கட்டலாம்னு இன்ஸ்டிடியூட்ல சொல்றாங்க. இது கடனா, சும்மா தவணையா?

பணத்தை மாதாமாதம் யாருக்குக் கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பயிற்சி மையத்துக்கே நேராகக் கட்டி, மையத்தின் ரசீது வாங்கினால் அது தவணை. ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், செல்ஃபி, ஓ.டி.பி. எல்லாம் கேட்டு, உங்கள் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்க ஒப்புதல் வாங்கினால் அது கடன். கொடுப்பது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம், அதாவது என்.பி.எஃப்.சி. மையத்தில் உங்களிடம் பேசும் கவுன்சலர் அந்தக் கடனைப் பிடித்துக் கொடுக்கும் ஆள் மட்டும்தான்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. தவணையில் வகுப்பு சரியில்லை என்றால் அடுத்த மாதப் பணத்தை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கலாம். கடனில், முழுக் கட்டணமும் முதல் வாரத்திலேயே நிதி நிறுவனத்திடமிருந்து மையத்தின் கணக்குக்குப் போய்விடுகிறது. கடன் பணம் உங்கள் கணக்குக்கு வராமல் நேரே மையத்துக்குப் போவதை ரிசர்வ் வங்கி விதியே அனுமதிக்கிறது, ஏனென்றால் அது குறிப்பிட்ட செலவுக்கான கடன். அதனால் பணம் கண்ணிலேயே படாது, கடனாளி மட்டும் நீங்கள்தான். வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் நிதி நிறுவனத்துக்கு நீங்கள் பாக்கிக்காரர்.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ."ன்னா வட்டியே கிடையாதுதானே?

நிதி நிறுவனம் யாருக்கும் சும்மா பணம் தருவதில்லை. வட்டியை மையம் தன் பங்கிலிருந்து கொடுக்கும், அதை முன்பே கட்டணத்தில் ஏற்றிவைத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "இன்றைக்கே முழுசாக ரொக்கம் கட்டினால் எவ்வளவு?"

பாபநாசம் பையனிடம் கட்டணம் 96,000 ரூபாய், மாதம் 8,000 வீதம் 12 மாதம், வட்டி இல்லை என்றார்கள். தவிர, கடனுக்கான நடைமுறைக் கட்டணம் 2 சதவீதம், அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், இரண்டும் சேர்த்து 2,266 ரூபாய். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு என்று அவர் கேட்டபோது, கொஞ்சம் பேசியபின் 82,000 என்று இறங்கினார்கள். அப்படியானால் பயிற்சியின் உண்மையான விலை 82,000. மேலே உள்ள 14,000 வட்டிதான்.

14,000-ஐ 82,000-ஆல் வகுத்து 17 சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். மாதாமாதம் கட்டக் கட்ட அசல் குறைகிறது. 82,000-மும் வருடம் முழுக்க உங்களிடம் இருப்பதில்லை. குறையும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு சுமார் 30 சதவீதம் வருகிறது. நடைமுறைக் கட்டணத்தையும் சேர்த்தால் சுமார் 36. நகைக் கடன் வாங்கி ரொக்கமாகக் கட்டினால்கூட இதைவிட மிகவும் மலிவு.

ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க, சும்மா தகுதி இருக்கான்னு பாக்கறோம்னாங்க. சொல்லிட்டேன். கடன் ஏறியிருக்குமா?

ஏறியிருக்கலாம். ஓ.டி.பி. பல கட்டத்தில் வரும். ஆதார் சரிபார்க்க ஒன்று, கிரெடிட் அறிக்கை எடுக்க ஒன்று, ஒப்பந்தத்தில் மின்கையெழுத்துப் போட ஒன்று, கணக்கில் தானாகப் பணம் பிடிக்க ஒன்று. கடைசி இரண்டும் சொன்னபிறகு கையெழுத்துப் போட்டதாகவே அர்த்தம். குறுஞ்செய்தியில் எதற்கான ஓ.டி.பி. என்று எழுதியிருக்கும், அதைப் படித்தபின் சொல்லுங்கள். போனை கவுன்சலர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் உங்களுக்கு வர வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கான எல்லாப் புதிய தவணைக் கடன்களுக்கும் இது கட்டாயம். உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி, ஆகவே தமிழில் கேளுங்கள். கடன் தொகை, எத்தனை தவணை, எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம், தவணை தவறினால் என்ன அபராதம், புகாருக்கு யார், எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. "இன்னைக்கே முடிச்சா மட்டும்தான் இந்த ரேட்" என்று அவசரப்படுத்துகிறார்கள் என்றால் அந்த அவகாசத்தைத்தான் பறிக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். முந்தைய பதிலில் சொன்ன 14,000 ரூபாய் இந்த அறிக்கையில் தெரியாது. கடன் தொகை 96,000 என்றே எழுதியிருப்பதால் ஆண்டு விகிதம் நாலரை சதவீதத்துக்குள் காட்டும். ரொக்க விலையை நீங்களே கேட்டால் தவிர உண்மை வட்டி எந்தத் தாளிலும் வராது.

ஏற்கெனவே ஓ.டி.பி. சொல்லிவிட்டவர்கள் கிரெடிட் அறிக்கை எடுத்துப் பாருங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கடன் ஏறியிருந்தால் அதில் கொடுத்தவர் பெயரோடு வரும். ஒரு சில வாரம் தாமதமாகலாம் என்பதால், அன்றைக்கே வந்த மின்னஞ்சலையும் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வையுங்கள்.

பையனுக்குச் சம்பளம் இல்லேன்னு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. நான் விவசாயி. எனக்கு ஏதாவது வருமா?

வரும். இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் கடனும்தான். சாட்சிக் கையெழுத்து என்று சொல்லிக் கேட்பதும் நடக்கிறது; தாளில் "இணை விண்ணப்பதாரர்" என்று இருந்தால் சாட்சி இல்லை. தவணை தவறினால் மகனின் கிரெடிட் அறிக்கையோடு உங்கள் அறிக்கையிலும் பதிவாகும். அடுத்த பருவத்துக்குப் பயிர்க்கடன் புதுப்பிக்கவோ, டிராக்டர் கடன் கேட்கவோ வங்கிக்குப் போகும்போது மேலாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார். அம்மா குழுக் கடனோ மைக்ரோ ஃபைனான்ஸ் கடனோ வைத்திருந்தால் அங்கும் இதே சிக்கல்தான். வீட்டின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாக் கடன் தவணைகளுக்கும் சேர்த்துப் போகக்கூடாது என்ற வரம்பு மைக்ரோ ஃபைனான்ஸுக்கு உண்டு. பிள்ளையின் கோர்ஸ் தவணை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் அம்மாவுக்கு அடுத்த கடன் கிடைக்காமல் போகலாம்.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பணம் கைக்கு வருவது குறுவை அறுவடையிலும் தை, மாசியில் சம்பா அறுவடையிலும்தான். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுக் கணக்கில் வரவு விழ இன்னும் சில நாள் ஆகும். கடன் தவணையோ மாதம் தவறாமல் 5-ஆம் தேதி பிடிக்கும். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் நிதி நிறுவனம் ஒரு அபராதம் போடும், உங்கள் வங்கியும் தனியாக ஒன்று பிடிக்கும். ஆனி, ஆடி மாதத் தவணைகளை எங்கிருந்து கட்டுவோம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பேங்க்ல ஸ்கில் லோன்னு ஒண்ணு இருக்காமே, அது கிடைக்குமா?

இருக்கிறது. மத்திய அரசின் திறன் கடன் திட்டம் 2015-இல் தொடங்கியது. அப்போது உச்சவரம்பு ஒன்றரை லட்சம். 2024 ஜூலையில் ஏழரை லட்சமாக உயர்த்தினார்கள். அடமானம் வேண்டாம், ஏனென்றால் வங்கிக்கு அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. முக்கியமான வசதி, படிக்கும் காலத்திலும் அதன்பின் சில மாதமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். அதே 82,000 ரூபாயை வங்கி 11 சதவீத வட்டிக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு மாதப் படிப்பும் ஆறு மாத அவகாசமும் போனபின் வட்டியோடு பாக்கி சுமார் 91,000 ஆகும். அதை ஐந்து வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 1,980 ரூபாய். மொத்தம் கூடுதலாகக் கட்டுவீர்கள்தான். ஆனால் வேலைக்குப் போகாத மாதங்களில் 8,000 தேட வேண்டிய நிலை இல்லை.

சிக்கல் என்னவென்றால் எல்லாப் பயிற்சிக்கும் கிடைக்காது. அரசு அங்கீகாரமுள்ள ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், தேசியத் திறன் தகுதி வரையறைக்குள் வரும் பயிற்சி, ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் ஏற்றப்பட்ட பயிற்சி, இவற்றுக்குத்தான் வழி. பாபநாசம் பையன் தன் கணக்குள்ள வங்கிக் கிளையில் கேட்டபோது, அந்த மையத்தின் பயிற்சி எந்தப் பட்டியலிலும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வங்கி மறுத்ததை நான் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்வேன்: அந்தச் சான்றிதழை வெளியே யாரும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம்.

கவர்ன்மென்ட் சர்ட்டிஃபிகேட் தர்றோம்னு சொல்றாங்களே?

எந்தத் தகுதி, அதன் குறியீட்டு எண் என்ன என்று கேளுங்கள். அரசு அங்கீகரித்த தகுதிகள் எல்லாம் nqr.gov.in என்ற தேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கும். மையத்தின் பெயரை skillindiadigital.gov.in தளத்தில் தேடலாம். மையம் ஒரு ஊரில் ஒரு பயிற்சிக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிவிட்டு, எல்லாக் கிளையிலும் எல்லா வகுப்புக்கும் அதே முத்திரையை ஒட்டுவது உண்டு. நீங்கள் சேரும் கிளை, நீங்கள் சேரும் பயிற்சி, இரண்டும் பொருந்த வேண்டும். "ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றது", "எம்.எஸ்.எம்.இ. பதிவு பெற்றது" என்பவை அந்த நிறுவனத்தைப் பற்றியவை, உங்கள் படிப்புக்கு அங்கீகாரம் ஆகாது.

95 பர்சென்ட் ப்ளேஸ்மென்ட்னு போர்டே வெச்சிருக்காங்க. அப்படி வெளிப்படையா பொய் எழுதுவாங்களா?

பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை. எதற்கு 95 சதவீதம் என்பதை எழுதாமல் விட்டால் போதும். ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு வகுப்பில் 60 பேர் சேர்ந்தார்கள். 20 பேர் நடுவில் நின்றுவிட்டார்கள், 40 பேர் முடித்தார்கள். வருகைப் பதிவு, உள்தேர்வு மதிப்பெண், மாதிரி நேர்முகம் எல்லாம் வைத்து 20 பேரை மட்டும் "ப்ளேஸ்மென்ட்டுக்குத் தகுதியானவர்" என்று பிரித்தார்கள். அந்த 20-இல் 19 பேருக்கு ஆஃபர் லெட்டர் வந்தது. போர்டில் 95 சதவீதம். சேர்ந்த 60 பேரை வைத்துப் பார்த்தால் 32 சதவீதம்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. அந்த 19-இல் வேலையில் போய் உட்கார்ந்தவர்கள் 14 பேர் என்றால் 23 சதவீதம். மற்ற ஐந்து பேருக்கு வந்தது சேரும் தேதி இல்லாத கடிதம், அல்லது பத்தாயிரம் சம்பளத்துக்கு வேறு மாநிலம், அல்லது விற்பனைப் பிரதிநிதி வேலை. கடன் வாங்குபவர் சேர்ந்த 60 பேரில் ஒருவர். ஆகவே அவருக்குப் பொருந்துவது கடைசிக் கணக்குதான்.

மையத்திடம் இப்படிக் கேளுங்கள்: கடைசி மூன்று வகுப்புகளில் எத்தனை பேர் கட்டணம் கட்டினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள்? வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். நேர்மையான மையம் சரியான எண் இல்லாவிட்டாலும் தோராயமாகச் சொல்லும். "அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல்" என்று பதில் வந்தால், மாணவர் பெயரைக் கேட்கவில்லை, எண்ணிக்கைதான் கேட்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் அந்த 95-ஐ மறந்துவிடலாம்.

அவங்களே பழைய ஸ்டூடன்ட்ஸ் நாலு பேர் நம்பர் குடுத்தாங்க. பேசினேன், நல்லாத்தான் சொல்றாங்க. போதாதா?

போதாது. அவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நாலு பேர் நல்லபடியாகத்தான் பேசுவார்கள். சில மையங்களில் வேலை கிடைக்காத மாணவர்களையே சில மாதம் கவுன்சலராக வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் பட்டியலில் "ப்ளேஸ்மென்ட்" என்று ஏறும். நீங்களே ஆள் தேடுங்கள். லிங்க்ட்இன்னில் அந்த மையத்தின் பெயரைப் போட்டுப் படிப்பு விவரத்தில் எழுதியவர்களைப் பாருங்கள். கூகுள் மதிப்புரைகளில் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் உள்ளதைச் சொல்வார்கள். உங்கள் கல்லூரியின் முந்தைய ஆண்டு வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள். கும்பகோணம், மன்னார்குடி, பூண்டி கல்லூரிகளிலிருந்து அதே மையத்துக்கு யாராவது போயிருப்பார்கள்.

பேசும்போது "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். கூடப் படித்தவர்கள் எத்தனை பேர், அதில் இன்றைக்கு அந்தத் துறையில் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். முதல் மாதம் கையில் வந்த சம்பளம் எவ்வளவு, வேலை மையம் வாங்கிக் கொடுத்ததா, தானே தேடியதா என்று கேளுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் முதலாளி என்று எந்தப் பெயர் வருகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். பெரிய கம்பெனியில் வேலை என்று சொல்லியிருப்பார்கள். பாஸ்புக்கில் ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

பாபநாசம் பையன் இப்படி ஒன்பது பேரிடம் பேசினார். மூன்று பேர் அந்தத் துறையில் வேலையில் இருந்தார்கள், அதில் இருவர் தாங்களே தேடிக்கொண்டவர்கள். ஆரம்பச் சம்பளம் கையில் 15,000 முதல் 17,000 வரை. ஆனால் ஒன்பது பேரில் ஏழு பேர், பாடம் நன்றாக நடத்துகிறார்கள் என்றார்கள். அந்த இரண்டு தகவலும் அவருக்குப் பின்னால் உதவின.

ஆஃபர் லெட்டரையே காட்டினாங்க. ஆனா அந்தக் கம்பெனி பேரு கேள்விப்பட்டதே இல்ல. எப்படிப் பாக்கறது?

மூன்று இடத்தில் பார்க்கலாம், எதற்கும் காசு வேண்டாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் பதிவு இருக்கிறதா, எப்போது பதிவானது, முகவரி என்ன என்று தெரியும். ஜி.எஸ்.டி. தளத்தில் எண்ணைப் போட்டால் பதிவு நடப்பில் உள்ளதா, ரத்தானதா என்று வரும். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: வருங்கால வைப்புநிதி நிறுவனத்தின் தளத்தில் நிறுவனங்களைத் தேடும் பக்கம் ஒன்று பொதுவாகத் திறந்திருக்கிறது. கம்பெனி பெயரைப் போட்டால், எந்தெந்த மாதம் எத்தனை ஊழியர்களுக்குப் பணம் கட்டினார்கள் என்று காட்டும். "சென்ற வருடம் எங்கள் மாணவர்கள் 80 பேரை எடுத்தது" என்று சொன்ன கம்பெனி 22 பேருக்குத்தான் கட்டுகிறது என்றால் கேள்வி எழுகிறதல்லவா? ஆனால் 20 பேருக்குக் குறைவாக உள்ள சிறு நிறுவனங்கள் இந்தப் பட்டியலுக்குள் வராமல் இருக்கலாம். பெயர் இல்லை என்பதால் மட்டும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

பயிற்சி மையமும் அந்தக் கம்பெனியும் ஒரே முகவரியிலோ ஒரே இயக்குநரிடமோ இருந்தால் தள்ளி நில்லுங்கள். கடிதத்தில் வைப்புத்தொகை, பின்னணி சோதனைக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று எதையாவது கேட்டாலும் அப்படியே. சந்தேகம் இருந்தால் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

வேலை கிடைக்கலேன்னா முழுப் பணமும் திரும்பக் குடுத்துடுவோம்னு எழுதியே தர்றாங்க. அப்புறம் என்ன பயம்?

எழுதித் தருவது நல்லதுதான். பின்பக்கத்தில் உள்ள நிபந்தனைகளைப் படியுங்கள். வருகை 90 சதவீதத்துக்குக் குறைந்தால் கிடையாது, ஒரு நேர்முகத்தைத் தவறவிட்டால் கிடையாது, வந்த வேலையை மறுத்தால் கிடையாது என்று இருக்கும். "எந்த வேலை, எந்த ஊர், எவ்வளவு சம்பளம்" என்பது எழுதாமல் விட்டிருந்தால், திருப்பூரில் பில் போடும் வேலையைக் காட்டி "நாங்கள் கொடுத்தோம், நீங்கள் மறுத்தீர்கள்" என்று சொல்லலாம். குறைந்தபட்ச மாதச் சம்பளம், பதவியின் பெயர், எத்தனை மாதத்துக்குள், பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற நாலும் எண்ணாகவும் பெயராகவும் இருக்க வேண்டும்.

அப்படியே திரும்பக் கொடுத்தாலும் அது மையத்துக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம். முதல் பதிலில் சொன்னதுபோல நிதி நிறுவனத்துக்கு நீங்கள் தனியாகப் பாக்கி. மையம் இழுத்தடிக்கும் மாதங்களிலும் அங்கே தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

வேலை கிடைச்சப்புறம் கட்டினா போதும்ங்கறாங்க. இது பாதுகாப்பானதுதானே?

உண்மையிலேயே அப்படி நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் ஒப்பந்தத்தில் எவ்வளவு சம்பளத்துக்கு மேல் கட்ட வேண்டும், எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவுக்கு மேல் போகாது, வேலை கிடைக்காவிட்டால் எப்போது முடியும் என்பது தெளிவாக இருக்கும். வேறு சில இடங்களில் பேச்சு மட்டும் அப்படி. கையெழுத்து வாங்குவது சாதாரணக் கடனுக்கு. முதல் ஆறு மாதத் தவணையை மையம் கட்டும், ஏழாவது மாதம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் கணக்கில் பிடிக்கும். தானாகப் பணம் பிடிக்கும் ஒப்புதல் கேட்டார்களா, முக்கிய விவர அறிக்கை வந்ததா என்று பாருங்கள். வந்தால் அது கடன்.

கையெழுத்துப் போட்டு ரெண்டு நாள்தான் ஆகுது. வேண்டாம்னு தோணுது. விலக முடியுமா?

செயலி வழியாகவோ இணையம் வழியாகவோ எடுத்த கடன் என்றால் விலகும் காலம் என்று ஒன்று உண்டு. குறைந்தது ஒரு நாள். எத்தனை நாள் என்பதை நிதி நிறுவனம் முடிவு செய்து முக்கிய விவர அறிக்கையில் எழுதியிருக்கும். அதற்குள் அசலையும் அத்தனை நாளுக்கான வட்டியையும் கொடுத்தால் அபராதம் இல்லாமல் வெளியேறலாம். நடைமுறைக் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொள்ளலாம், அதையும் முன்பே எழுதியிருந்தால்.

நடைமுறையில் அசல் மையத்திடம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே ஒரே நாளில் இரண்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்: நிதி நிறுவனத்துக்கு, கடன் எண்ணைப் போட்டு, விலகுகிறேன் என்று, மையத்துக்கு, சேர்க்கையை ரத்து செய்து பணத்தை நிதி நிறுவனத்துக்கே திருப்பி அனுப்புங்கள் என்று. கவுன்சலரிடம் போனில் சொல்லி "பாத்துக்கறேன்" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள், நாள் கடந்துபோகும்.

சென்டரையே பூட்டிட்டாங்க சார். இ.எம்.ஐ.யை நிறுத்திடலாமா?

யாருக்கும் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். கிரெடிட் அறிக்கையில் தவறியதாக ஏறும், இணைக் கடனாளியான பெற்றோருக்கும் சேர்த்து. முதலில் ஆதாரம் சேருங்கள்: பூட்டிய கதவின் படம், வகுப்புக் குழுவில் வந்த செய்திகள், ரசீது, விளம்பரம். பிறகு நிதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். மையத்தோடு ஒப்பந்தம் வைத்துக் கடன் கொடுத்தது நீங்கள், சேவை நின்றுவிட்டது, மீதித் தொகையை ரத்து செய்யுங்கள் என்று கேளுங்கள். ஒரே வகுப்பில் படித்தவர்கள் சேர்ந்து எழுதினால் எடை கூடும்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. மையத்தின் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால் சில நேரம் அங்கேயே முடியும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. உறவினர்களுக்கு அழைத்து அவமானப்படுத்துவதும் விதிமீறல். அழைப்புப் பட்டியலைப் படம் எடுத்து அதே புகாரில் சேருங்கள்.

எல்லாம் விசாரிச்சாச்சு, சென்டர் பரவாயில்லை. எவ்வளவு வரைக்கும் கடன் வாங்கலாம்?

விளம்பரச் சம்பளத்தை விட்டுவிட்டு, பழைய மாணவர்கள் சொன்ன கையில் வரும் சம்பளத்திலிருந்து தொடங்குங்கள். வருடம் 2,40,000 "சி.டி.சி." என்றால் மாதம் 20,000 என்று தோன்றும். கம்பெனி கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடை எல்லாம் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கும். உங்கள் பங்கும் பிடித்தபின் கையில் வருவது 16,400 அளவுக்குத்தான். சென்னையில் பகிர்ந்து தங்க, சாப்பிட, பேருந்துக்கு 11,000 வைத்தாலும் மீதி 5,400. அதில் 8,000 தவணை எப்படிக் கட்டுவது? வீட்டிலிருந்து பணம் போகும். அதுவும் படிக்கும் ஆறு மாதத் தவணை முழுக்க அப்பா தலையில் விழுந்தபிறகு.

என் கணக்கு இதுதான்: மாதத் தவணை, அந்த மீதியில் பாதிக்கு மேல் போகக்கூடாது. இங்கே அது 2,700. வங்கித் திறன் கடனில் இது முடியும்; பன்னிரண்டு மாத இ.எம்.ஐ.யில் முடியாது. கடன் வாங்குமுன் செலவில்லாத வழியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் நான் முதல்வன் பயிற்சிகள், வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள், அரசு ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன. ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லாததோடு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. நீங்கள் தேடும் பயிற்சி அங்கே இல்லாமல் இருக்கலாம், ஆனால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்க அரை நாள் போதும்.

பாபநாசம் பையன் கடன் வாங்கவில்லை. பாடம் நன்றாக இருக்கிறது, வேலையை நாமேதான் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டதால் அதே மையத்தில் போய்ப் பேரம் பேசினார். 82,000 ரூபாயை மூன்றாகப் பிரித்து மையத்துக்கே நேராகக் கட்டுவது என்று முடிவானது: சேரும்போது 28,000, இரண்டாம் மாத முடிவில் 27,000, நாலாம் மாத முடிவில் 27,000. சம்பா நெல் போட்ட பணம் வந்ததும் மாசியில் சேர்ந்தார். எத்தனை மணி வகுப்பு, எந்தெந்தப் பாடம் எந்த மாதத்துக்குள் முடியும் என்பதை முதல் ரசீதின் பின்னாலேயே எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்கிவைத்திருக்கிறார். இரண்டாம் தவணையை அதைப் பார்த்தபிறகுதான் கட்டினார்.